டை அடித்த பிறகு தலை அரித்தால்: எவ்வளவு என்று பார்க்காதீர்கள், எப்போது என்று பாருங்கள்

டை அடித்துக் குளித்துவிட்டு வந்ததும் உச்சந்தலை இழுத்துப் பிடித்தாற்போல் இருப்பதும், வகிட்டுப் பக்கம் லேசாக நமைப்பதும் பலருக்கும் பழகிப்போன சங்கதி. இதைக் கண்டு பயந்துபோகிறவர்கள் உண்டு. "எனக்கு எப்பவும் இப்படித்தான்" என்று விட்டுவிடுகிறவர்கள் அதைவிட அதிகம். இரண்டு தரப்பும் அரிப்பு எவ்வளவு இருக்கிறது என்றுதான் கணக்குப் பார்க்கிறார்கள். அதைவிட முக்கியமானது, அரிப்பு எப்போது தொடங்கியது என்பது.

டை தலையில் இருக்கும்போதே சுருக்கென்று எரிந்து, கழுவியதும் அடங்கத் தொடங்கும் எரிச்சல் பெரும்பாலும் தானாகவே போய்விடும். ஞாயிற்றுக்கிழமை டை அடித்து, திங்கள் முழுக்க ஒன்றுமில்லாமல் இருந்து, செவ்வாய் காலையில் காதோரம் லேசாக அரிக்க ஆரம்பித்தால், அந்த லேசான அரிப்பைத்தான் சும்மா விடக்கூடாது.

இங்கே பேசுவது வீட்டில் நரைக்குப் போடும் கறுப்பு, அடர்பழுப்பு டைகளைப் பற்றி. க்ரீமையும் டெவலப்பரையும் கலக்கும் பெட்டி, தண்ணீரில் குழைக்கும் பவுடர் பாக்கெட், கடைகளில் 'கறுப்பு மெஹந்தி' என்று விற்கும் பொடி எல்லாம் இதில் அடக்கம். பார்வைக்கு வேறு வேறாக இருந்தாலும், இவற்றில் கறுப்பு நிறத்தைத் தருவது பெரும்பாலும் பாரா ஃபினைலின்டையமின் என்ற ஒரே சரக்குதான். சுருக்கமாக பி.பி.டி.

தோலுக்கு என்ன ஆகிறது

தோலின் மேற்பரப்பு இயல்பில் லேசான அமிலத்தன்மை கொண்டது, பி.எச். அளவு ஏறக்குறைய 5. கலந்து வைத்த டை க்ரீமோ காரமானது. அதன் அளவு 9 முதல் 10 வரை போகும். முடியின் செதில்கள் திறந்தால்தான் நிறம் உள்ளே இறங்கும், அதற்காகவே அம்மோனியாவோ அதற்குப் பதிலான வேறொரு காரமோ சேர்க்கிறார்கள். முடிக்காகப் போட்ட காரம் அடியில் இருக்கும் தோலை விட்டுவைப்பதில்லை. தோலின் மேலடுக்கு கொஞ்சம் ஊறி உப்புகிறது, செல்களுக்கு இடையே பூச்சுபோல இருக்கும் கொழுப்பு கரைகிறது. அதன்மேல் ஷாம்புவும் போட்டு அலசும்போது மிச்சமிருந்த எண்ணெய்ப் பசையும் போய்விடுகிறது. தலை காயக் காயத் தோலின் ஈரம் வேகமாக வெளியேறுகிறது. தலைத்தோல் ஒரு சுற்று சின்னதாகிவிட்டாற்போல் இழுப்பது அதனால்தான். இது ஒரு நாளில், அதிகம் போனால் இரண்டு நாளில் சரியாகிவிடும்.

அலர்ஜி இதிலிருந்து அடியோடு வேறு. பி.பி.டி. மிகச் சிறிய மூலக்கூறு, தோலுக்குள் சுலபமாகப் போய்விடும். உள்ளே போனதை உடலின் எதிர்ப்பு செல்கள் ஒரு தடவை பகையாகப் பதிந்துகொண்டால், அந்தப் பதிவு பெரும்பாலும் ஆயுசுக்கும் நிற்கும். அடுத்த தடவை டை பட்டதும் அந்த செல்கள் பெருகி, தோலுக்கு வந்து சேர்ந்து, வீக்கத்தைக் கிளப்ப நேரம் பிடிக்கும். பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரம். ஏற்கெனவே நன்றாகப் பதிந்துவிட்டவர்களுக்கு ஆறேழு மணி நேரத்திலேயே ஆரம்பிக்கலாம். "பத்து வருஷமா இதே டைதான் போடுறேன், திடீர்னு எப்படி?" என்ற கேள்விக்கும் பதில் இதுதான். அலர்ஜி பிறவியிலேயே வருவதல்ல. பட்டுப் பட்டு ஒருநாள் பதிவாவது. பத்து வருஷப் பழக்கம் அதிலிருந்து காப்பாற்றாது.

முதல் படி: டை தலையில் இருக்கும் அந்த அரை மணி நேரம்

பூசிய ஐந்து, பத்து நிமிடத்தில் லேசான குறுகுறுப்பு வரலாம். சில இடங்களில் மட்டும், அதுவும் டை கெட்டியாகத் தங்கிய வகிட்டிலோ, முதல்நாள் நகத்தால் சொறிந்த இடத்திலோ வந்து, அதிகமாகாமல் அப்படியே நின்றால் பெட்டியில் போட்டிருக்கும் நேரம்வரை இருக்கலாம். குறுகுறுப்பு எரிச்சலாகி, நிமிடத்துக்கு நிமிடம் ஏறினால் அந்தக் கணமே கழுவிவிட வேண்டும். 'இன்னும் பத்து நிமிஷம்தானே, நரை பிடிக்கட்டும்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவதுதான் நிறையப் பேர் செய்யும் தப்பு. நிறம் குறைந்தால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம், வெந்த தோலுக்கு அப்படியொரு வசதி கிடையாது.

கழுவும்போது வெந்நீர் கூடாது. வெதுவெதுப்புக்கும் குறைவான தண்ணீரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, தலையைப் பின்பக்கம் சாய்த்து, முகத்தில் வழியாதபடி அலசுங்கள். மென்மையான ஷாம்புவை இரண்டு தடவை போடலாம். எலுமிச்சை, வினிகர், தயிர் எதுவும் வேண்டாம். காரத்துக்கு அமிலம் மாற்று என்று யாராவது கணக்குச் சொல்வார்கள். ஏற்கெனவே எரிகிற தோலில் எலுமிச்சை பிழிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த அரை மணி நேரத்தில் இன்னொன்றும் வரலாம். அபூர்வம், ஆனால் வந்தால் காத்திருக்க நேரமிருக்காது. டை படாத கையிலும் மார்பிலும்கூடத் தடிப்பு தடிப்பாக எழும்புவது, உதடோ நாக்கோ வீங்குவது, குரல் கம்முவது, மூச்சு வாங்குவது, தலைசுற்றல். இது நாள் கணக்கில் வரும் அலர்ஜி அல்ல, நிமிடங்களில் வரும் வேறு வகை. நிறத்தை வெளுக்கப் போடும் ப்ளீச் பவுடரில் இருக்கும் பெர்சல்பேட் உப்புகளாலும் இது வருவதுண்டு. தலையைக் கழுவி முடிக்கும்வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை மற்றவர் தண்ணீர் ஊற்றட்டும்.

இரண்டாம் படி: கழுவியதிலிருந்து அடுத்த 24 மணி நேரம்

இங்கே இயல்பானதின் அடையாளம் ஒன்றே ஒன்று: இறங்குமுகம். குளித்த உடனே இழுப்பு அதிகம், மாலையில் குறைவு, மறுநாள் காலையில் சீப்பு படும்போது மட்டும் லேசாகத் தெரியும். அரிப்பும் அப்படித்தான் இறங்க வேண்டும். டை பட்ட இடத்தைத் தாண்டிப் பரவக்கூடாது.

இறங்காமல் ஒரே இடத்தில் அரிப்பு நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, சரியாக அலசாமல் விட்ட டையை. காதின் பின்மடிப்பும் பிடரியும்தான் அது ஒளிந்திருக்கும் இடங்கள். ஈரப் பஞ்சால் அங்கே துடைத்துப் பாருங்கள். பஞ்சில் கறுப்பு ஏறினால், தண்ணீர் தெளிவாக வரும்வரை இன்னொரு தடவை அலசினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுத்து தலைத்தோலைப் பார்க்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. டை முடியோடு தோலையும் கறுப்பாக்கியிருக்கும், நம் தோலும் மாநிறம். 'சிவந்திருக்கிறதா' என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். சிவப்பு இங்கே சிவப்பாகத் தெரியாது. அடர்ந்த பழுப்பாகவோ ஊதா சாயலாகவோ, பல நேரம் ஒன்றுமே தெரியாமலோ இருக்கும். ஆகவே கண்ணைவிட விரலை நம்புங்கள். வால் சீப்பால் வகிடு வகிடாகப் பிரித்து, இன்னொருவரை செல்போன் டார்ச் அடித்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். ஓர் இடம் மட்டும் சுற்றியிருப்பதைவிடச் சூடாக இருக்கிறதா? மேடாக, மாவுபோலப் பொதபொதவென்று இருக்கிறதா? அழுத்தினால் வலிக்கிறதா? விரலில் பிசுபிசுப்பு ஒட்டுகிறதா? நான்குக்கும் இல்லையென்றால் அது வெறும் வறட்சி. சூடும் மேடும் இருந்தால் தோல் உள்ளே வீங்கியிருக்கிறது. பிசுபிசுப்போ கொப்புளமோ இருந்தால் அது காரத்தில் வெந்த புண்ணாகவும் இருக்கலாம், அதை அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ப்ளீச் போட்டு, ஃபாயில் சுற்றி, மேலே சூடும் வைத்த தலையில் இந்தப் புண் வரும் வாய்ப்பு அதிகம்.

வெறும் வறட்சிதான் என்றால் வேலை சுலபம். அன்றைக்கு மறுபடி ஷாம்பு போடாதீர்கள், ட்ரையரின் சூட்டுக் காற்று வேண்டாம், நகம் வேண்டவே வேண்டாம். அரித்தால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியைப் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். ஒரு நாள் கழிந்தபின், தோலில் வெடிப்போ புண்ணோ இல்லாவிட்டால், ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயை விரல் நுனியால் வகிட்டில் ஒற்றி எடுப்பது இழுப்பைத் தணிக்கும். தேய்க்க வேண்டாம். பிசுக்குப் பொடுகு இருப்பவர்களுக்கு எண்ணெய் உதவாது, அதைப் பெருக்கிவிடும். அவர்கள் சும்மா விடுவதே நல்லது.

ஐந்தாறு நாள் கழித்துத் தோளில் கருந்துகள்கள் உதிர்ந்தால் பதற வேண்டாம். நிறம் ஏறிய மேல்தோல் தன் முறை வந்ததும் உதிர்கிறது, அவ்வளவுதான். அரிப்பும் வீக்கமும் இல்லாமல் உதிர்கிற வரை அதைப் பொடுகு என்றுகூடச் சொல்ல முடியாது.

மூன்றாம் படி: இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்

இந்த இரண்டு நாளும்தான் அலர்ஜி தலைகாட்டும் காலம், இதில்தான் யாரும் கவனம் வைப்பதில்லை. டை அடித்தது மறந்தே போயிருக்கும். காதில் அரிப்பு வந்தால் தோடு, கண்ணாடிக் கம்பி, வியர்வை என்று காரணம் தேடுவோம்.

எங்கே வருகிறது என்பது இங்கே நல்ல துப்பு. தலைத்தோல் தடிமனானது, அதனால் டை அலர்ஜி அங்கே அடங்கியும், ஓரத்து மெல்லிய தோலில் வெளிப்படையாகவும் தெரியும். காது மடலின் மேல்விளிம்பு, காதின் பின்பக்கம், நெற்றியில் முடி தொடங்கும் வரி, பிடரி, எல்லாவற்றுக்கும் மேலாகக் கண் இமை. இமையில் டை பட்டிருக்கவே வேண்டாம். அங்கே தோல் அவ்வளவு மெல்லியது, கொஞ்சம் வழிந்ததும் பக்கத்து வீக்கத்தின் நீர் இறங்குவதும் போதும். தலையில் ஒன்றுமே தெரியாமல் இமை மட்டும் உப்பி, 'கண்ணில் ஏதோ பூச்சி கடித்துவிட்டது' என்று கண் மருத்துவரிடம் போகிறவர்கள் உண்டு. மீசை, தாடிக்கும் டை போடும் ஆண்களுக்கு முகத்தில் ஆரம்பிக்கும். காதுக்குப் பின்னாலோ கழுத்திலோ நெறி கட்டினால், அது வறட்சி அல்ல என்பதில் சந்தேகமே வேண்டாம்.

நான்கு மாதக் கணக்கு

உதாரணத்துக்கு, 46 வயதான ஒருவர் மாதம் ஒருமுறை ஞாயிறு காலை பத்து மணிக்குப் பவுடர் டை போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் மாதம், பதினைந்தாவது நிமிடத்தில் வகிட்டில் சுருக்கென்றது. அரை மணியில் கழுவினார், மாலைவரை தோல் இழுத்தது, திங்கள் காலையில் ஒன்றுமில்லை. காரணம் தேடினால் கிடைத்துவிடும்: சனிக்கிழமை மாலை பொடுகுக்காக அழுத்தி ஷாம்பு போட்டு, பொடிச்சீப்பால் வாரியிருக்கிறார். கீறிய, எண்ணெய்ப் பசை போன தோலில் காரம் பட்டது. இரண்டாம் மாதம் முதல்நாள் தலைக்குக் குளிக்காமல் இருந்தார், எரிச்சலே வரவில்லை. காரத்தால் வரும் எரிச்சலின் இயல்பு அதுதான், காரணத்தை நீக்கினால் போய்விடும்.

மூன்றாம் மாதம் டை போடும்போது எதுவும் தெரியவில்லை. செவ்வாய் காலை பத்து மணி வாக்கில், அதாவது ஏறக்குறைய 48 மணி நேரம் கழித்து, இடது காதின் மேல்விளிம்பில் அரிப்பு. நெற்றி ஓரத்தில் பொடிப்பொடியாக வேர்க்குரு மாதிரி. வெள்ளிக்கிழமைக்குள் அடங்கிவிட்டது. முதல் மாத எரிச்சலோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை, ஆகவே அவர் கண்டுகொள்ளவில்லை.

நான்காம் மாதம் திங்கள் மாலையே அரிப்பு ஆரம்பித்தது. 48 மணி நேரம் 32 ஆகச் சுருங்கியிருக்கிறது. எதிர்ப்பு செல்கள் இப்போது எண்ணிக்கையில் அதிகம், தயாராகவும் இருக்கின்றன. செவ்வாய் நெற்றி வீங்கியது, புதன் காலை இரண்டு இமையும் மூடிக்கொண்டன, காதுக்குப் பின்னால் நீர் வடிந்தது. ஸ்டீராய்டு மாத்திரை எழுதித் தரும் கட்டம் இது. தானாக ஆறட்டும் என்று விட்டால் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். இத்தனை வீக்கம் வந்த தலையில் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டுவதும் நடக்கும். வேர் இருப்பதால் அது பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும்.

இவர் டையை நிறுத்தியிருக்க வேண்டியது நான்காம் மாதம் அல்ல, மூன்றாம் மாதம் செவ்வாய்க்கிழமை. அடுத்த டையால் வரக்கூடிய கேட்டை முன்கூட்டியே சொல்லும் எச்சரிக்கை அவ்வளவுதான் இருக்கும், பெரும்பாலும் ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும்.

தாமதமாக வந்த அரிப்புக்கு என்ன செய்வது

டை அடித்து மூன்று நாள் ஆகியிருந்தாலும், தலையை ஒரு தடவை மென்மையான ஷாம்புவால் அலசிவிடுங்கள். முடியில் ஒட்டாமல் நிற்கும் மிச்சம் போகட்டும். தலையணை உறையையும் துண்டையும் மாற்றுங்கள். குளிர்ந்த ஈரத்துணி ஒத்தடம் நாளைக்கு மூன்று நான்கு தடவை.

அரிப்பு தூங்கவிடாவிட்டால் பெரியவர்கள் இரவில் செட்ரிசின் 10 மில்லிகிராம் ஒன்று போட்டுக்கொள்ளலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. போட்டவர்கள் வண்டி ஓட்டக்கூடாது. ஆனால் இந்த மாத்திரை என்ன செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொள்ளுங்கள். உடனே எழும்பும் தடிப்புக்கு அது நேரடி மருந்து. நாள் கழித்து வரும் டை அலர்ஜியை அது நிறுத்தாது, தூக்கத்துக்கு உதவும், அவ்வளவே. மாத்திரை போட்டும் வீக்கம் ஏறுகிறதே என்று இன்னொன்று போடுவதில் பலனில்லை.

நெற்றி ஓரத்திலும் காதுக்குப் பின்னாலும் மட்டும் இருந்தால் ஒரு சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் க்ரீமை மெலிதாக, நாளைக்கு இரண்டு வேளை, மூன்று நான்கு நாள் தடவலாம். இமையில் மருத்துவர் சொல்லாமல் தடவாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் 'அரிப்புக்கு' என்று கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் கலவை ஆயின்மென்ட்களில் பூஞ்சை மருந்தும், கிருமி மருந்தும், மிக வீரியமான ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். முகத்துக்கு அது சரிப்படாது. இரண்டு நாள் அருமையாகக் கேட்கும், பிறகு தோலை மெலிய வைத்துவிடும்.

இமை வீங்கினாலோ, நீர் வடிந்தாலோ, மஞ்சள் பொருக்குத் தட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ, மூன்றாம் நாளுக்குப் பிறகும் ஏறுமுகமாக இருந்தாலோ தோல் மருத்துவரிடம் போங்கள். டை பெட்டியைக் குப்பையில் தேடியாவது கையில் எடுத்துக்கொண்டு போங்கள், அதன் பின்பக்க உட்பொருள் பட்டியல்தான் மருத்துவருக்கு வேண்டியது. எத்தனை மணிக்குப் போட்டது, எத்தனை மணிக்கு அரிப்பு ஆரம்பித்தது என்ற இரண்டு நேரங்களையும் எழுதிக்கொண்டு போனால் பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்த தடவைக்கு முன்னால்

தாமதமான அரிப்பு ஒரு தடவையாவது வந்தவர்கள் இந்தப் பகுதியில் வரும் வீட்டுச் சோதனையைச் செய்யவே கூடாது. அவர்களுக்கு உரியது மருத்துவமனைப் பரிசோதனை, அது பின்னால் வருகிறது.

கழுவிய உடன் எரிச்சல், இழுப்பு மட்டுமே இருந்தவர்கள் சோதனை செய்துவிட்டுத் தொடரலாம். இந்தியாவில் விற்கும் டை பெட்டியின் தாளில் இந்தச் சோதனை அச்சிட்டிருக்கும், ஒவ்வொரு தடவையும் போடும் முன்பு செய்யச் சொல்லியிருக்கும். யாரும் செய்வதில்லை. முறை இது: க்ரீமிலும் டெவலப்பரிலும் பெட்டி சொல்லும் விகிதத்தில் கால் டீஸ்பூன் அளவுக்கு மட்டும் எடுத்துக் கலக்குங்கள்; பவுடர் என்றால் ஒரு சிட்டிகையில் சில சொட்டுத் தண்ணீர். முழங்கையின் உள்மடிப்பிலோ காதின் பின்னாலோ சோப்பால் கழுவித் துடைத்த இடத்தில், பஞ்சுக் குச்சியால் பட்டாணி அளவு தடவிக் காயவிடுங்கள். தாள் சொல்லும் நேரம் கழித்து, பலவற்றில் அது 24 மணி, மெதுவாகக் கழுவுங்கள். நடுவில் அரித்தால் அப்போதே கழுவிவிடுங்கள். கலந்து மீந்ததைக் கொட்டிவிடுங்கள். மூடிவைத்தால் வாயு சேர்ந்து புட்டி வெடிக்கலாம்.

கழுவியதோடு சோதனை முடிந்தது என்று நினைப்பதில்தான் ஓட்டை இருக்கிறது. 24 மணியில் சுத்தமாக இருந்த கை 48 மணியில் அரிக்கலாம். ஆகவே வியாழன் இரவு தடவி ஞாயிறு காலை பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சிறு அரிப்போ பொடிப்பொடியான குருக்களோ இருந்தால் அந்தப் பெட்டி தலைக்கு ஏறக்கூடாது. ஒன்றும் இல்லாவிட்டாலும் அது முழு உத்தரவாதம் அல்ல.

டை போடும் நாளில் செய்ய வேண்டியவை சொற்பம். 24 மணி நேரம் முன்பே ஷாம்புவை நிறுத்துங்கள், சீப்பால் சுரண்டாதீர்கள். நெற்றி ஓரம், காது மடல், பிடரி மூன்றிலும் பெட்ரோலியம் ஜெல்லி கெட்டியாகத் தடவுங்கள். முடியை நேராக்கும் ரசாயனம் போட்டிருந்தால் குறைந்தது இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். தலையில் புண், பேன் சொறிந்த காயம், வெயிலில் வெந்த தோல் இருந்தால் அது ஆறட்டும். ஏற்கெனவே நிறம் பிடித்த முடிக்குத் திரும்பத் திரும்பப் போடாமல், வெள்ளை தெரியும் வேர்ப்பகுதிக்கு மட்டும் போடுங்கள். பெட்டி 30 நிமிடம் என்றால் 30 நிமிடம்தான்.

'அம்மோனியா இல்லை' என்ற வாசகத்தை நம்பி அலர்ஜிக்காரர்கள் ஏமாறுவது வாடிக்கை. அம்மோனியா வாசனைக்கும் எரிச்சலுக்கும் காரணம், அலர்ஜிக்குக் காரணம் அதுவல்ல. அதை எடுத்துவிட்டு வாசனையில்லாத வேறொரு காரம் போட்டிருப்பார்கள், பி.பி.டி. அப்படியே இருக்கும். 'ஹெர்பல்' என்பதும் அதே கதைதான். மருதாணி இலைக்குச் செம்பழுப்புக்கு மேல் நிறம் தரத் தெரியாது. ஒரே பொடியில் அரை மணியில் நரை கறுத்தால் அதில் இலைக்கு அப்பால் ஏதோ இருக்கிறது. சுத்தமான இலைகளால் கறுப்பு வேண்டுமென்றால் இரண்டு வேலை: முதலில் மருதாணி இரண்டு மூன்று மணி நேரம், அலசிய பிறகு அவுரி இலைப்பொடி ஒன்றிரண்டு மணி நேரம். நேரம் பிடிக்கும், கையும் வலிக்கும், ஆனால் பி.பி.டி. அலர்ஜி இருப்பவர்களுக்கு இதுவே மாற்று. புதிதாக வாங்கும் பொடியையும் முழங்கையில் சோதித்துத்தான் தலைக்கு ஏற்ற வேண்டும். பி.பி.டி. இல்லாத பெட்டிகளில் அதற்குப் பதில் போடும் டொலூயின் டையமின் அதன் நெருங்கிய சொந்தம், அது பலருக்கும் அதே வினையைத் தரும்.

மருத்துவமனைப் பரிசோதனை

தோல் மருத்துவர் முதுகில் ஒட்டும் பட்டைப் பரிசோதனையில் பி.பி.டி.யை ஒரு சதவீத அளவில் வாசலினில் கலந்து வைப்பார்கள். பட்டை 48 மணி நேரம் முதுகில் இருக்கும். எடுத்த அன்று ஒரு பார்வை, நான்காம் நாள் மறுபடி ஒரு பார்வை. அந்த இரண்டாவது பார்வைக்குப் போகாமல் விட்டால் பரிசோதனை பாதிதான். முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கும் வேலை கூடாது. கத்திரி வெயிலில் பட்டை வியர்வையிலேயே உரிந்துவிடும் என்பதால், அவசரமில்லாவிட்டால் மார்கழி, தை பக்கம் செய்துகொள்வது சௌகரியம். தடிப்பு முழுக்க ஆறிய பிறகுதான் இதைச் செய்வார்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். அது முடிவை மறைத்துவிடும்.

பி.பி.டி. அலர்ஜி உறுதியானால் பல் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ஈறு மரக்கத் தடவும் ஜெல்களில் இருக்கும் பென்சோகெயின் சிலருக்கு இதனோடு சேர்ந்தே ஒவ்வாது. வீட்டில் இன்னொருவர் தொடர்ந்து டை போட்டால் சீப்பு, துண்டு, தலையணை தனித்தனி. அம்மாவுக்கோ கணவருக்கோ நீங்களே போட்டுவிடுவதாக இருந்தால் ரப்பர் கையுறை போதாது, பி.பி.டி. அதைத் தாண்டி வந்துவிடும். நைட்ரைல் கையுறை வாங்குங்கள், ஒரு தடவை போட்டதைத் திருப்பி மாட்டாமல் தூர எறியுங்கள்.